மீன் தலைக் கறி வீடியோவிலிருந்து ஒரு சமையல் அட்டை: எதை வெட்டுவது, எதை வெட்டக் கூடாது

கேள்வி: "எங்கள் பெரியம்மா மீன் தலைக் கறி வைப்பதைக் கைப்பேசியில் ஒரே வீச்சில் 36 நிமிடம் படம் எடுத்தேன். அதை எழுத்தாகவும் மாற்றிவிட்டேன். பக்கம் பக்கமாக வந்திருக்கிறது, பாதிக்கு மேல் ஊர்க்கதை. பொருட்கள், செய்முறை என்று ஒரே பக்க அட்டையாக இதைச் சுருக்க வேண்டும். தேவையில்லாத பேச்சை எப்படிப் பிரித்து வெட்டுவது? மாதிரிக்குச் சில வரிகள் ஒட்டியிருக்கிறேன்."

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதையும் வெட்டாதீர்கள். சமூக மன்றச் சமையல் வகுப்புகளில் ஒலிப்பதிவு செய்ததை அட்டையாக எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். அதில் நான் கண்டது, அளவும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஊர்க்கதைக்குள்தான் ஒளிந்திருக்கும். சமைப்பவர் நேரடியாகச் சொல்லும் வரியில் "இப்ப தூளப் போடுறேன்" என்றுதான் இருக்கும். எவ்வளவு, எந்தத் தூள், ஏன் இப்போது என்பதெல்லாம் அதற்குச் சற்று முன்போ பின்போ வேறு ஏதோ பேசும்போது வந்து விழும். கதை என்று நினைத்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டால், அட்டை பார்க்கச் சுத்தமாக இருக்கும், சமைத்துப் பார்த்தால் கறி வேறாக இருக்கும்.

நீங்கள் ஒட்டிய வரிகளையே எடுத்துக்கொள்வோம். "06:10 வெங்காயம் போட்டாச்சு, ரெண்டு நிமிஷம் வதங்குனா போதும். ஏம்மா, அந்தக் காத்தாடிய நிப்பாட்டு, தீ ஆடுது பாரு. உங்க பெரியப்பாவுக்குக் காரம் ஆகாது, அவரு இருந்தா மூணு கரண்டிதான் போடுவேன், இன்னைக்கு அவரு ஜொகூர் போயிட்டாரு, நாலு போடலாம். 13:40 இப்ப தூளப் போடுறேன். அடடா, வெந்தயம் மறந்துட்டேன் பாரு, அது எண்ணெய் காஞ்சதும் போடணும், நான் இப்ப போட்டுக்கிறேன். 15:20 புளி எலுமிச்சங்கா அளவு கரைச்சு வச்சிருந்தேன்ல, அத ஊத்து. போன வருசத்துப் புளி, கறுப்பா இருக்கு, புதுசுன்னா இன்னும் கொஞ்சம் எடுக்கணும். 22:30 தலைய உள்ள விட்டாச்சு. தேக்காவுல ஒன்றரை காட்டி எடுத்தேன், அந்தப் பையன் நல்லா பொளந்து குடுத்தான், செவுளு இருக்கான்னு பாத்துக்க, இருந்தா கசக்கும். 32:00 பால ஊத்திட்டேன், இனிமே கொதிக்க விடாத."

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் பாதி அரட்டை. ஆனால் பெரியப்பா ஜொகூர் போன கதைக்குள்தான் தூளின் அளவு இருக்கிறது. தேக்கா சந்தைப் பையனைப் பற்றிய பேச்சில் மீனின் எடை, வெட்டும் முறை, செவுளை எடுக்க வேண்டும் என்பது ஆகிய மூன்றும் இருக்கின்றன. பழைய புளி என்று அலுத்துக்கொள்வதில் புளியின் அளவை எப்போது மாற்றுவது என்ற விதி இருக்கிறது. இந்த வரிகளில் அட்டைக்குச் சுத்தமாக வேண்டாதது காத்தாடி மட்டும்தான். அதிலும் ஒரு செய்தி உண்டு: தீ ஆடியிருக்கிறது, அதாவது வெங்காயம் வதங்கிய நேரத்தில் அடுப்பின் சூடு சீராக இருந்ததில்லை. அட்டையில் அதை எழுத வேண்டியதில்லை, நேரத்தைக் கணக்கிடும்போது நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே முதல் வாசிப்பில் நீக்குவதற்குப் பதில் வண்ணம் தீட்டுங்கள். கையில் செய்வதைச் சொல்லும் சொற்களுக்கு ஒரு நிறம். அளவு, எடை, நேரம், எண்ணிக்கை எது வந்தாலும் அதற்கு இன்னொரு நிறம். ஏன், இல்லாவிட்டால், ஆனால், மறந்துட்டேன் என்று வரும் இடங்களுக்கு மூன்றாவது நிறம். மிச்சம் நிறமில்லாமல் அப்படியே நிற்கட்டும். நிமிடக் குறிகளை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். பலர் எழுத்து படிக்க லேசாக இருக்கட்டும் என்று முதலில் அழிப்பதே அவற்றைத்தான். பிறகு எந்த வரி வீடியோவில் எங்கே வருகிறது என்று திரும்பப் போய்ப் பார்க்க வழியில்லாமல் போய்விடும்.

எழுத்தாக்கத்தை மென்பொருள் செய்திருந்தால், இரண்டாவது நிறம் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் வீடியோவில் மறுபடி காதால் கேளுங்கள். முழுதும் கேட்க வேண்டாம், அளவுகளை மட்டும். தமிழில் அளவைச் சொல்லும் சில சொற்கள் சமையலில் வேறு வேலையும் செய்யும். "பூண்டு அரை" என்று எழுத்தில் இருந்தால் அது பாதியா, அரைக்கச் சொன்னதா என்று தாளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. "ஆறு" என்பது எண்ணாகவும் இருக்கலாம், ஆறவிடச் சொன்னதாகவும் இருக்கலாம். நம் வீடுகளில் தமிழோடு மலாய், ஆங்கிலச் சொற்கள் தாராளமாகக் கலப்பதால் இன்னும் சிக்கல். தேங்காய்ப்பாலை மலாயில் சந்தான் என்று சொன்னது சந்தனம் என்று பதிவாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வரியில் "ஒன்றரை காட்டி எடுத்தேன்" என்பதும் அப்படி நழுவக்கூடிய இடம்தான். இளையவர்கள் படித்தால் எதையோ காட்டி எடுத்ததாக நினைப்பார்கள். அது சந்தையில் பெரியவர்கள் இன்னும் சொல்லும் பழைய நிறை. ஒரு காட்டி ஏறக்குறைய 600 கிராம், ஆகவே தலை சுமார் 900 கிராம். அட்டையில் கிராமில் எழுதுங்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையின் மையம். சமைப்பவர் சொன்னதும் செய்ததும் முரண்படும் இடங்கள் வரும், உங்கள் சில வரிகளிலேயே வந்துவிட்டன. வெங்காயம் இரண்டு நிமிடம் போதும் என்கிறார், ஆனால் 06:10க்குப் போட்டவர் 13:40க்குத்தான் தூளைப் போடுகிறார். ஏழரை நிமிடம். வெந்தயத்தைத் தூளுக்குப் பிறகு போட்டிருக்கிறார், ஆனால் எண்ணெய் காய்ந்ததும் போட வேண்டும் என்கிறார். ஓரிடத்தில் செயலை நம்ப வேண்டும், இன்னோரிடத்தில் சொல்லை நம்ப வேண்டும். எதை எங்கே நம்புவது?

நான் வைத்திருக்கும் விதி இது. எவ்வளவு நேரம், எவ்வளவு பொருள் என்ற கேள்விக்கு நடந்ததை நம்புங்கள். எந்த வரிசையில், எப்படிச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தன்னைத் திருத்திக்கொண்டு சொன்னதை நம்புங்கள். காரணம் எளிது. பல வருடம் சமைத்த கை நிமிடத்தை எண்ணுவதில்லை, வெங்காயத்தின் நிறத்தைப் பார்க்கிறது. வாய் சொல்லும் "ரெண்டு நிமிஷம்" என்பது கொஞ்ச நேரம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் வெந்தயம் எப்போது போக வேண்டும் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியும். அன்று மறந்துபோனதை அவரே சொல்லியும் விட்டார். அதை நடந்தபடியே எழுதினால், அவர் தவறு என்று சொன்னதையே அட்டை காலத்துக்கும் செய்யச் சொல்லும்.

நேரத்தை நிமிடக் குறிகளைக் கழித்துக் கண்டுபிடிக்கும் இந்த வழி உங்களுக்குப் பலிப்பதற்கு ஒரே காரணம், வீடியோ வெட்டாமல் ஒரே வீச்சில் எடுக்கப்பட்டிருப்பது. இணையத்தில் வரும் சமையல் வீடியோக்களில் இதைச் செய்யவே கூடாது. வெங்காயம் போடுவதும் பொன்னிறமாவதும் இருபது விநாடியில் முடிந்துவிடும், நடுவே எவ்வளவு வெட்டினார்கள் என்று தெரியாது. அப்படிப்பட்ட வீடியோவில் நேரத்தை விட்டுவிட்டு நிலையை மட்டும் எழுதுவதுதான் நேர்மை: ஓரங்கள் பழுப்பாகும் வரை, எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன, ஆகவே இரண்டையும் எழுதுங்கள். நிலை முதலில், நேரம் துணைக்கு. "ஓரங்கள் பழுப்பாகும் வரை வதக்கவும், 7 முதல் 8 நிமிடம் ஆகும்." காத்தாடியால் தீ ஆடியதால் அந்த ஏழரை நிமிடத்தைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வீட்டு அடுப்பில் அது ஆறாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்பவருக்கு இன்னும் மாறும். நிலை மாறாது.

இனி அளவு. "நாலு கரண்டி" என்பது உங்கள் அட்டையில் மிக முக்கியமான எண், அதே சமயம் மிகவும் சந்தேகமான எண். மூன்றா நாலா என்பது சிறிய கேள்விதான். வீடியோவில் தெரியும் நிறமும் கெட்டியும் நாலு போட்ட கறிக்கு உரியவை, அன்றைய புளியும் பாலும் அதற்கேற்ப ஊற்றப்பட்டவை. எனவே பட்டியலில் நாலையே வைத்து, காரம் குறைய வேண்டுமானால் மூன்று என்று பக்கத்தில் எழுதலாம். பெரிய கேள்வி, எந்தக் கரண்டி என்பது. தூள் டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் வேறு. அதை அவர் குவித்து அள்ளினாரா, தட்டி அள்ளினாரா என்பதிலேயே அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

இதற்கு ஊகம் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். அடுத்த முறை பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது அதே டப்பா, அதே கரண்டியில் அவர் வழக்கமாக அள்ளுவதுபோல நாலு கரண்டி ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி மொத்தமாக நிறுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்து நாலால் பெருக்காதீர்கள், கை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அள்ளாது. புளியையும் அப்படியே. எலுமிச்சங்காய் அளவு என்று சொல்லிவிட்டு அவர் உருட்டும் உருண்டையை நிறுத்துப் பாருங்கள். நான் பலர் உருட்டியதை நிறுத்ததில் 25 முதல் 40 கிராம் வரை வந்திருக்கிறது. புளிக் குழம்பில் அந்த இடைவெளி நாக்குக்கு நன்றாகவே தெரியும். கொட்டை எடுத்த புளியா, கொட்டையோடு பொட்டலத்தில் வருவதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கப் என்று எங்காவது சொல்லியிருந்தால் உஷாராக இருங்கள். நம் வீடுகளில் கப் என்றால் பாதிப் பேருக்குச் சோற்றுப் பானையோடு வந்த பிளாஸ்டிக் கோப்பைதான், அது 180 மில்லி. கடையில் விற்கும் அளவுக் கோப்பை 250 மில்லி. மூன்று கப் தண்ணீர் என்றால் இரண்டுக்கும் 200 மில்லிக்கு மேல் வித்தியாசம் வரும். கெட்டிக் கறி ரசம்போல ஆக அது போதும்.

உப்பு நீங்கள் ஒட்டிய வரிகளில் எங்கும் இல்லை, முழு எழுத்திலும் அளவோடு இருக்காது என்று நினைக்கிறேன். யாரும் உப்பை அளந்து போடுவதில்லை, பேச்சுக்கு நடுவே கை தானாகப் போட்டுவிடும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சமையல் தொடங்குமுன் உப்பு டப்பாவைத் தராசில் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மறுபடி நிறுங்கள். குறைந்ததுதான் அவர் போட்ட உப்பு, அவர் எத்தனை முறை அள்ளியிருந்தாலும் சரி. எண்ணெய்ப் புட்டிக்கும் இதையே செய்யலாம். அவரை நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை, அவர் சமைக்கும் வேகமும் கெடாது. இன்னொரு முறை அவர் சமைக்க வாய்ப்பில்லை என்றால் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. குழம்பு வகைகளில் உப்பு மொத்த எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் வரும். எலும்பைக் கழித்துப் பார்த்தால் உங்கள் கறி ஒன்றரைக் கிலோ சுற்றி இருக்கும், ஆகவே 15 கிராமில் தொடங்கி ருசி பார்க்கச் சொல்லலாம். ஆனால் அது என் கணக்கு, பெரியம்மாவின் கை இல்லை. அட்டையிலும் அப்படித்தான் குறிக்க வேண்டும்.

எழுத்தில் வராத, வீடியோவில் மட்டும் தெரியும் விஷயங்கள் சில உண்டு. மூடி போட்டாரா, திறந்து வைத்தாரா? தீ எவ்வளவு? எந்தப் பாத்திரம்? தண்ணீர் எப்போது, எதில் ஊற்றினார்? இவற்றை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆகவே வண்ணம் தீட்டிய பிறகு ஒருமுறை வீடியோவைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். பேச்சு கேட்காதபோது கண் கையைப் பார்க்கும். பட்டியலில் இல்லாத பொருள் சட்டிக்குள் போவது அப்போதுதான் தெரியும். கறிவேப்பிலையும் தண்ணீரும் இப்படித் தப்பிப்போகிறவற்றில் முதலில் நிற்பவை.

கேமரா ஓடுவதற்கு முன்பே முடிந்துவிட்ட வேலைகளும் உண்டு. அவற்றைக் காட்டிக்கொடுப்பது "கரைச்சு வச்சிருந்தேன்ல" போன்ற வினைகள்தான். வச்சிருந்தேன், முன்னாடியே, காலையிலயே என்று எழுத்தில் வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடி எடுத்து, அட்டையின் தொடக்கத்தில் முன்னேற்பாடாக வையுங்கள். புளி ஊற வேண்டும், தலையைக் கழுவ வேண்டும், செவுளை எடுக்க வேண்டும். இவை 15:20லும் 22:30லும் பேசப்பட்டவை, ஆனால் செய்ய வேண்டியது அடுப்பு மூட்டுமுன். செய்முறையின் ஐந்தாம் படியில் "ஊற வைத்த புளி" என்று படிக்கும் ஒருவர், சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது புளியைத் தேடி ஓடுவார்.

இவ்வளவும் ஆனபின் எழுதத் தொடங்கலாம். பொருட்களைச் சட்டிக்குள் போகும் வரிசையிலேயே எழுதுங்கள், அப்போது எதுவும் விட்டுப்போனால் செய்முறையோடு ஒப்பிட்டு உடனே கண்டுபிடிக்கலாம். ஒரே பொருள் இரண்டு இடத்தில் போகிறது என்றால் மொத்த அளவை எழுதி, பிரித்துப் போட வேண்டும் என்று பக்கத்தில் சொல்லிவிடுங்கள். "ஒரு கப் நறுக்கிய வெங்காயம்" என்பதும் "ஒரு கப் சின்ன வெங்காயம், நறுக்கியது" என்பதும் ஒரே அளவு ஆகாது. எண்ணிக்கையோ கிராமோ எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

செய்முறையை எத்தனை படிகளாக உடைப்பது என்று பலர் திணறுவார்கள். சட்டிக்குள் இருப்பதன் நிலை மாறும் இடத்தில் படியை முடியுங்கள். வெங்காயம் பழுப்பாவது ஒரு நிலை, தூளின் பச்சை வாடை போவது இன்னொன்று, புளித்தண்ணீர் கொதித்து எண்ணெய் மிதப்பது அடுத்தது. ஒவ்வொரு படியிலும் தீயின் அளவும், என்ன செய்வது என்பதும், எதைப் பார்த்து நிறுத்துவது என்பதும் இருந்தால் போதும். அவர் சொன்ன காரணங்களில், மீறினால் கறி கெடும் என்பவற்றை மட்டும் அந்தந்தப் படியோடு ஒட்டி வையுங்கள். "கொதிக்க விடாத" என்பது அப்படிப்பட்டது. புளிப்பான குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெயும் திப்பியுமாகப் பிரிந்துவிடும், பிறகு சேர்க்க முடியாது. காரணத்தை ஒரே வரியில் எழுதினால் படிப்பவர் தீயைக் குறைக்க மறக்கமாட்டார். செவுள் கசக்கும் என்பதும் அதே வகை. புளி பழசா புதுசா என்பது படிக்குள் வேண்டாம், அட்டையின் அடியில் குறிப்பாகப் போகட்டும்.

உங்கள் வரிகளிலிருந்தும் சாதாரண மீன் தலைக் கறி வழக்கத்திலிருந்தும் நான் எழுதினால் அட்டை இப்படி இருக்கும். கேள்விக்குறி போட்டவை நீங்கள் வீடியோவைப் பார்த்தோ நிறுத்தோ நிரப்ப வேண்டியவை. நான் அங்கே எண் எழுதியிருந்தால் அது என் ஊகம்.

பொருட்கள்: எண்ணெய் 4 மேசைக்கரண்டி (?), வெந்தயம் அரைத் தேக்கரண்டி (?), கறிவேப்பிலை 2 கொத்து (?), வெங்காயம் (எண்ணிக்கை?), மீன் கறித்தூள் பெரியம்மாவின் கரண்டியில் 4, கிராமில் (?), காரம் குறைய 3, புளி எலுமிச்சங்காய் அளவு, சுமார் 30 கிராம் (?), தண்ணீர் 500 மில்லி (?), உப்பு 15 கிராமில் தொடங்கவும் (?), மீன் தலை 1, சுமார் 900 கிராம், இரண்டாகப் பிளந்தது, தேங்காய்ப்பால் 200 மில்லி (?).

முன்னேற்பாடு: புளியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டவும். தலையில் செவுள் மிச்சமிருந்தால் எடுத்துவிட்டுக் கழுவவும், இருந்தால் கறி கசக்கும். செய்முறை: எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் போடவும், அது சிவந்ததும், கறுக்குமுன், கறிவேப்பிலையும் வெங்காயமும் சேர்க்கவும். ஓரங்கள் பழுப்பாகும் வரை வதக்கவும், 7 முதல் 8 நிமிடம் ஆகும். தீயைக் குறைத்துத் தூளைப் போட்டு, பச்சை வாடை போகும் வரை கிளறவும், 1 முதல் 2 நிமிடம். புளித்தண்ணீரும் மீதித் தண்ணீரும் உப்பும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவிடவும், சுமார் 7 நிமிடம், மூடி (?). தலையை மெல்ல இறக்கி, மிதமான தீயில் கண் வெள்ளையாகி கழுத்துப் பக்கச் சதை எலும்பிலிருந்து பிரியும் வரை வேகவிடவும், 9 முதல் 10 நிமிடம். தீயைக் குறைத்துப் பாலை ஊற்றி, ஓரத்தில் குமிழி வரத் தொடங்கியதும் அணைக்கவும். கொதித்தால் பால் திரிந்துவிடும். குறிப்பு: பழைய கறுத்த புளிக்கு இந்த அளவு. புதுப் புளியானால் சற்றுக் கூட எடுக்கவும்.

இதில் உங்கள் எழுத்திலிருந்து உறுதியாக எடுத்தவை: தலையின் எடை, வெட்டிய விதம், செவுள், கரண்டி எண்ணிக்கை, வெந்தயத்தின் இடம், பால் ஊற்றியபின் கொதிக்கக் கூடாது என்பது, நிமிடக் குறிகளைக் கழித்து வந்த நான்கு நேரங்கள். புளி கொதித்த ஏழு நிமிடத்தில் மட்டும் ஒரு சின்ன ஐயம் உண்டு. 15:20க்கும் 22:30க்கும் நடுவே வெண்டைக்காய், கத்திரிக்காய் ஏதாவது போட்டிருந்தால் அந்தப் படி இரண்டாக உடையும். மீனின் கண்ணும் சதையும் பற்றிய வரி நான் சேர்த்தது. வெந்ததை அவர் வேறு எதைப் பார்த்துச் சொன்னாரோ அதை வையுங்கள், அவருடைய அடையாளம் எப்போதும் முந்தி. தேங்காய்ப்பால் 200 மில்லி என்பது இங்கே கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சிறிய பொட்டலத்தின் அளவு. சந்தையில் துருவி வாங்கிப் பிழிந்த பாலானால் கெட்டி வேறு, தலைப்பாலா இரண்டாம் பாலா என்று எழுதாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் இந்த அட்டையைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நில்லுங்கள், பதில் சொல்லாதீர்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு பிறகு நிரப்புங்கள். வீடியோவை எடுத்தவரும் எழுத்தாக்கியவரும் இந்தச் சோதனைக்கு உதவமாட்டார்கள், விட்டுப்போனதை அவர்கள் மனமே நிரப்பிக்கொள்ளும்.

அட்டைக்கு வராத கதைகளை அழித்துவிடாதீர்கள், நிமிடக் குறிகளோடு முழு எழுத்தையும் தனிக் கோப்பாக வைத்திருங்கள். நாளைக்கு யாராவது ஓர் அளவைச் சந்தேகித்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

கேள்விக்குறிகளுக்குப் பெரியம்மாவிடம் கேட்கப் போகும்போது, "உப்பு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "பாத்துப் போடு" என்ற பதில்தான் வரும். டப்பாவையும் கரண்டியையும் கையில் எடுத்து நீட்டி, "பெரியம்மா, இந்தச் சட்டிக்கு இதுல ரெண்டா, மூணா?" என்று கேளுங்கள். தப்பான எண்ணாக இருந்தால் உடனே திருத்துவார், அல்லது கரண்டியை வாங்கி அவரே அள்ளிக் காட்டுவார். அப்போது தராசு பக்கத்தில் இருக்கட்டும்.